கைக்குழந்தை தூங்கும் அறைக்குக் கொசுவலையா, லிக்விடா, கொசுவர்த்தியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். பிறந்த குழந்தையிலிருந்து தவழும் குழந்தை வரை, பெரியவர்களோடு ஒரே அறையில் தூங்குவதை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இளைப்பு உள்ள குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முதலில்.

மூணுல எது நல்லது? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கொசுவலை. குழந்தை தூங்கும் நேரம் முழுக்க வலை. லிக்விட் தேவைப்பட்டால், குழந்தை அறையில் இல்லாத நேரத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவது. கொசுவர்த்தி அந்த அறைக்குள் வேண்டாம்.

காரணம் எளிது. வலை கொசுவை மட்டும் தடுக்கிறது, குழந்தை மூச்சிழுக்கும் காற்றில் எதையும் சேர்ப்பதில்லை. மற்ற இரண்டும் கொசுவுக்குப் போகவேண்டியதைக் காற்றில் கலந்து, அந்தக் காற்றைக் குழந்தைக்கும் கொடுக்கின்றன. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதே அறைக் காற்றை நம்மைவிட அதிகம் உள்ளே இழுப்பது குழந்தைதான்.

லிக்விட்ல புகையே இல்லையே, அப்ப அதுல மருந்தும் கம்மிதானே?

புகை இல்லை என்பது சரி. மருந்து கம்மி என்பது சரியில்லை. இரண்டிலும் இருப்பது பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துதான். லிக்விடில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் அல்லது ப்ராலெத்ரின், கொசுவர்த்தியில் அலெத்ரின் போன்றவை. கொசுவின் நரம்பைத் தாக்கி விழவைக்கும். மனித உடல் இவற்றை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும், ஆனால் சிறு குழந்தையின் உடலுக்கு அந்த வேகம் இன்னும் வந்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 மில்லி பாட்டில், லேபிளில் 0.88 சதவீதம், தினம் எட்டு மணி நேரம் ஓடினால் 45 ராத்திரி வருகிறது என்று வையுங்கள். அந்த எண்ணெயின் எடை ஏறக்குறைய 36 கிராம், அதில் மருந்து 320 மில்லிகிராம் அளவு. ஒரு ராத்திரிக்கு 7 மில்லிகிராம். இப்போது 10 கிராம் எடையுள்ள ஒரு கொசுவர்த்தி, அதில் 0.1 சதவீத மருந்து என்றால் மொத்தம் 10 மில்லிகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கொசுவர்த்தியில் மீதி 9.99 கிராம் எங்கே போகிறது என்பதுதான் உண்மையான வித்தியாசம்: மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள், ஒட்டுவதற்கான மாவு, எல்லாம் எரிந்து சாம்பல் போக மீதி உங்கள் அறைக் காற்றுக்குள் போகிறது.

கொசுவர்த்தி எங்க தாத்தா காலத்துலேர்ந்து கொளுத்துறோம். அவ்வளவு மோசமா?

2003இல் வெளியான ஓர் ஆய்வில் கொசுவர்த்திப் புகையை அளந்து பார்த்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமமாக இருந்தது. கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு அதிகபட்சம் 51 சிகரெட் அளவுக்கு வந்தது. இந்தத் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் கடைசிப் பை வரை போகக்கூடியவை.

கதவு ஜன்னல் இல்லாத திறந்த வெளியில், வாசலில் உட்கார்ந்து பேசும்போது கொளுத்துவது வேறு விஷயம். எட்டு மணி நேரம் மூடிய அறையில், மெத்தை மட்டத்தில் மூச்சு விடும் குழந்தைக்குப் பக்கத்தில் என்பது வேறு. அப்புறம் நெருப்பு. சுருளின் கங்கு தொங்கும் போர்வையிலோ கழற்றிப் போட்ட துணியிலோ பட்டால், ராத்திரியில் யாரும் கவனிக்க முடியாது.

புகையில்லாத கொசுவர்த்தி, கொளுத்துற பேப்பர் இதெல்லாம் பரவாயில்லையா?

புகை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும், எரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. இவையும் கனன்று எரிபவைதான். கனன்று எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பேப்பர் சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அதற்குள் பல மணி நேர வேலைக்கான மருந்தை மொத்தமாகக் காற்றில் கொட்டிவிடும்.

கொசு ஊதுபத்தி வாங்குகிறவர்களும் ஒரு தடவை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயரும் சதவீதமும் அச்சிடவில்லை என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "மூலிகை" என்று பெரிதாகப் போட்டிருப்பது அதற்குப் பதில் ஆகாது.

சரி, வலைதான்னு வச்சுக்குவோம். எந்த மாதிரி வலை வாங்கணும்?

பெரியவர்களின் கட்டிலையும் குழந்தையின் இடத்தையும் சேர்த்து மூடும் பெரிய வலைதான் என் சிபாரிசு. நான்கு மூலையிலும் கட்டும் செவ்வக வலையாகவோ, தரையோடு ஜிப் வைத்துக் கூடாரம் போல நிற்பதாகவோ இருக்கலாம். மேலே ஒரே கொக்கியில் தொங்கும் வட்ட வலை பார்க்க அழகு, ஆனால் பக்கங்கள் உள்நோக்கிச் சரிவதால் தூங்குகிறவர்களின் கைகால் வலையில் உரசிக்கொண்டே இருக்கும். அது ஏன் பிரச்சினை என்பதை, வலை போட்டும் கடித்த தடிப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கண் அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளை என்பது வழக்கமான கொசுவலை. கொசுவுக்கு அது போதும். அதைவிடச் சிறிய கண் வேண்டியது மணல் ஈ, சின்னப் பூச்சிகள் உள்ள இடத்தில்தான், அதில் காற்று குறையும். துணிக்கடை ஜன்னல் திரை மாதிரியான அலங்கார வலையில் கண் ஒழுங்காக இருக்காது. இழுத்தால் கண் விரிகிறதா என்று விரலால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வலைக்குள்ள குழந்தைக்கு மூச்சு முட்டாதா?

நல்ல கொசுவலைக்குள் மூச்சுக்கான காற்றுக்குக் குறை வராது. குறைவது வீசும் காற்றின் வேகம். அதனால் உள்ளே கொஞ்சம் புழுக்கமாக இருக்கும், குழந்தை வியர்த்து எழுந்து அழும். மின்விசிறியை ஒரு படி கூட்டுவது, குழந்தைக்கு ஓர் அடுக்குத் துணியைக் குறைப்பது, இரண்டிலும் சரியாகும். விசிறிக் காற்றே கொசுவுக்குப் பிடிக்காது, அது தடுமாறிப் பறக்கும். அந்த வகையில் விசிறி வலைக்குத் துணைதான்.

கழுத்தின் பின்பக்கமும் முதுகும் ஈரமாக இருந்தால் குழந்தைக்குச் சூடு அதிகம். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சின்னக் குழந்தைக்கு அது எப்போதும் அப்படித்தான். மூச்சுக்கு உண்மையான ஆபத்து வலை தளர்ந்து முகத்தின்மேல் விழுவதில் இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வலை போட்டும் காலைல குழந்தை கையில கடிச்ச தடிப்பு. வலை வேஸ்ட்டா?

காலையில் வலையை உடனே மடிக்காமல், உள்பக்கம் மேல் மூலைகளைப் பாருங்கள். வயிறு கருஞ்சிவப்பாக உப்பி, நகராமல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தால் அது ராத்திரி உள்ளேதான் இருந்தது. குடித்தபின் அதால் அதிகம் பறக்க முடியாது, வெளியே போகவும் வழி தெரியாது. அப்படி இருந்தால் ஓட்டையையோ இடைவெளியையோ தேடவேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் உள்ளிருந்து டார்ச் அடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து பார்த்தால் கிழிசல் பளிச்சென்று தெரியும். ஊசி நூலால் தைத்தாலே போதும். பெரும்பாலும் கிழிசலைவிட மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகாமல் விட்ட விளிம்புதான் வழியாக இருக்கும்.

உள்ளே கொசுவே இல்லை, ஆனாலும் கடி இருக்கிறது என்றால் வலையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கடித்திருக்கும். வலையில் ஒட்டிய கையைக் கொசு வெளியே உட்கார்ந்தபடியே துளை வழியாகக் கடிக்கும். தடிப்பெல்லாம் ஒரே கையில், ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தால் இதுதான் காரணம். குழந்தையை நடுவில் படுக்கவைத்து, வலைப்பக்கம் ஒரு முழம் இடம் விடுங்கள்.

இன்னொன்று, வலையைக் கட்டும் நேரம். இருட்டிய பிறகு விரித்தால் அறையில் ஏற்கெனவே வந்துவிட்ட கொசுவைச் சேர்த்து மூடுவீர்கள். பொழுது சாயும் முன்பே விரித்துச் சொருகிவிடுங்கள்.

அப்ப லிக்விட் எப்ப, எவ்வளவு நேரம் போடலாம்?

10 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். 28 கன மீட்டர் காற்று. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள், குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். குழந்தையின் படுக்கைத் துணி, பொம்மை, பால் புட்டி எல்லாம் வெளியே. மெஷினைப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். திரி சூடாகி மருந்து அறை முழுக்கப் பரவவே கொஞ்ச நேரம் பிடிக்கும், பத்து நிமிடம் போட்டு அணைப்பதில் பலன் இல்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலும் கதவும் திறந்து விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதன்பின் குழந்தையை உள்ளே கொண்டுவந்து வலைக்குள் படுக்கவைக்கலாம்.

மேலே போட்ட கணக்கை இங்கே வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 7 மில்லிகிராம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. ஜன்னல் திறக்கும்போது புதுக்கொசு வருமே என்று கேட்பார்கள். வரும். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தால் குறைவாக, இல்லையென்றால் கொஞ்சம் அதிகமாக. அவற்றுக்காகத்தான் படுக்கையில் வலை. மெஷினின் வேலை மறைவில் உட்கார்ந்திருக்கும் பழைய கூட்டத்தை விழவைப்பது மட்டுமே. கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் விழுந்து கிடப்பதை நீங்களே பார்க்கலாம்.

ஏசி ரூம். ஜன்னலே திறக்க மாட்டோம். ராத்திரி முழுக்க லோ மோடுல விட்டா?

மூடிய ஏசி அறை உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. வெளிக்காற்று வராததால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். குழந்தை உள்ள ஏசி அறையில் மெஷின் ராத்திரி முழுக்க ஓடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், லோ மோடாக இருந்தாலும். லேபிளிலேயே காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்று இருக்கும், யாரும் படிப்பதில்லை.

உண்மையில் ஏசி அறைக்கு லிக்விட் தேவை மிகக் குறைவு. கதவு ஜன்னல் மூடித்தானே இருக்கிறது. மாலையில் முந்தின பதிலில் சொன்னபடி ஒரு தடவை செய்துவிட்டு மூடினால் வலையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

லிக்விட் போட்டா குழந்தைக்குத் தும்மல் வருது. அதனாலயா, இல்ல சளியா?

நிறுத்திப் பார்த்தால் தெரியும். மூன்று நான்கு நாள் மெஷினைப் போடாமல், வலை மட்டும் வைத்து, அறையைக் காற்றாட விடுங்கள். தும்மல், மூக்கடைப்பு, கண்ணில் நீர் எல்லாம் குறைந்து, மறுபடி போட்டதும் திரும்பினால் மெஷின்தான். சளி என்றால் நிறுத்தினாலும் தன்போக்கில் இருக்கும். பெரியவர்களுக்கு முகத்தில் ஊசி குத்துவது போலக் குறுகுறுப்பு, தொண்டைக் கமறல் இருக்கிறதா என்று கேளுங்கள். பைரித்ராய்டுக்கு அப்படி வரும், நமக்கு வாய் இருக்கிறது, குழந்தைக்கு இல்லை.

மூச்சு வேகமாக இருக்கிறது, விலா உள்வாங்குகிறது, பால் குடிக்க மறுக்கிறது என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மருத்துவமனை.

மருந்து தோய்ச்ச வலைன்னு தர்றாங்களே, அது குழந்தைக்கு ஆகுமா?

மலேரியா உள்ள பகுதிகளில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தூங்குவதற்காக உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பது இந்த வலையைத்தான். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்து நூலோடு பிணைந்திருக்கும், காற்றில் ஏறக்குறைய வராது. கிழிசல் இருந்தாலும் கொசு வலையில் உட்கார்ந்தாலே செத்துவிடும் என்பது இதன் பலம். புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் தொங்கவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். வெயிலில் காயப்போட்டால் மருந்து வீணாகும். ஏறக்குறைய மூன்று வருடம் அல்லது 20 சலவை வரை தாங்கும்படி செய்கிறார்கள்.

ஒரே சிக்கல், எதையும் வாயில் வைக்கும் வயது. வலை விளிம்பைச் சப்புகிற குழந்தை, மலேரியா இல்லாத ஊர் என்றால் மருந்தில்லாத சாதா வலை போதும். துவைத்த தண்ணீரைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ கொட்டிவிடாதீர்கள், மீன்களுக்கு இந்த மருந்து கொடிய விஷம். லிக்விட் மெஷினுக்கும் இதே எச்சரிக்கைதான், அறையில் மீன் தொட்டி இருந்தால் போடவே வேண்டாம்.

டெங்கு கொசு பகல்லதானே கடிக்கும்? ராத்திரி வலை எதுக்கு, பகல்ல என்ன செய்யுறது?

ஏடிஸ் பகலில் கடிப்பதுதான், காலையிலும் சாயங்காலம் இருட்டும் முன்னும் அதிகம். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸும், வீட்டில் ரீங்காரமிடும் கியூலெக்ஸும் ராத்திரிக்காரர்கள். குழந்தை பகலிலும் பாதி நேரம் தூங்குவதால் இரண்டு வேளைக்கும் வலை வேண்டும். ராத்திரி பெரிய வலை, பகலில் எங்கே படுக்கவைக்கிறோமோ அங்கே மடக்கும் குடை வலை என்று வைத்துக்கொள்வது வசதி.

பகல் தூக்கத்துக்காக மெஷின் போடாதீர்கள். குழந்தை உள்ளேயே இருக்கும், காற்றாட விட நேரமும் கிடைக்காது.

குடை வலையை எத்தனை மாசம் வரை போடலாம்?

குழந்தை புரள ஆரம்பிக்கும் வரை. பொதுவாக நான்கைந்து மாதம். புரளத் தொடங்கியபின் விளிம்பைத் தள்ளி வெளியே வரும், அல்லது முகத்தை வலைமேல் அழுத்திக்கொண்டு கிடக்கும், இரண்டும் ஆகாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தி, அந்த மாற்றம் தெரிந்த நாளிலிருந்து நிறுத்துங்கள்.

தொட்டிலின்மேல் வலையைச் சும்மா போர்த்திவிடுவது எந்த வயதிலும் வேண்டாம். தொட்டிலோடு இறுக்கிப் பொருத்தும் வலையாக இருக்கவேண்டும், நடுவில் தொய்வு இருக்கக்கூடாது, கட்டும் கயிறு குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை எட்டுகிற வலையைப் பிடித்து இழுக்கும். அதற்குப் பின் பெரியவர்களின் பெரிய வலைதான் சரி.

ரீஃபில் பாட்டிலைக் குழந்தை வாயில வச்சிடுச்சு. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. பல ரீஃபில்களில் மருந்தைவிட ஆபத்தானது அதைக் கரைத்திருக்கும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய். விழுங்கியது வாந்தியாக மேலே வரும்போது நுரையீரலுக்குள் போனால் அங்கே நிமோனியா மாதிரி அழற்சி வரும். உப்புத் தண்ணீர், பால், முட்டை எதுவும் கொடுக்கவேண்டாம். நனைந்த துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியவேண்டும். இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே காத்திருக்காதீர்கள், இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

தரையோடு உள்ள பிளக்கில் மெஷின் மாட்டுவதுதான் பெரும்பாலும் இதற்கு ஆரம்பம். தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேரே ஒரு குட்டி விளக்கு எரிகிறது, பிடிக்காமல் விடுமா? உயரமான பிளக்கில், பாட்டில் நேராக நிற்கும்படி, திரைச்சீலை படாத இடத்தில் மாட்டுங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுங்கள்.

காலி பாட்டில்ல வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஊத்தினா இயற்கைதானே?

இது எங்கெங்கோ சுற்றி வருகிற யோசனை. கற்பூரம் இயற்கையானதா என்பதைவிட, அது சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது என்பதுதான் முக்கியம். விழுங்கினால் மிகக் கொஞ்சமே போதும். திரியும் மெஷினின் சூடும் குறிப்பிட்ட ஒரு திரவத்துக்காக அமைத்தவை. வேறு எண்ணெய் ஊற்றினால் திரி அடைத்துக் கருகும், கருகிய எண்ணெயின் புகைதான் அறைக்குக் கிடைக்கும். திரியின் நுனி கருத்துக் கெட்டியாக இருந்தால், உள்ளே லிக்விட் மிச்சம் இருந்தாலும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

ராத்திரி பால் குடுக்க மூணு தடவை எழுந்திரிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வலையைத் திறந்தா கொசு வராதா?

பால் கொடுப்பதை வலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வலையாக எடுங்கள் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். மாற்றுத்துணி, துடைக்கும் துணி, தண்ணீர், சின்ன டார்ச் எல்லாவற்றையும் படுக்கும் முன்பே உள்ளே வைத்துவிட்டால் பாதி தடவை இறங்கவேண்டியிருக்காது. குழந்தைக்குத் தனித் தொட்டில் என்றால் அதையும் கட்டிலோடு ஒட்டி ஒரே வலைக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள்.

இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் விசிறிக் காற்று அதிகம் படும் பக்கமாக, விளிம்பை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி இறங்குங்கள், உடனே திரும்பச் சொருகிவிடுங்கள். திரும்பி வந்ததும் டார்ச்சை உள்பக்கம் ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். கொசு இருந்தால் வலையில்தான் உட்கார்ந்திருக்கும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தட்டிவிடலாம். கொசு பேட்டை வலைக்குள் வீசாதீர்கள், பொறி பட்டு நைலான் உருகி ஓட்டையாகும்.